ஒரே குழந்தை, மூன்று கைகள்

என் மகளுக்கு ஆறு மாதம் இருக்கும்போது அவளைப் பற்றி வீட்டில் மூன்று விதமான கருத்து இருந்தது. என் மாமியார், "இந்த மாதிரி சாது குழந்தையை நான் பார்த்ததே இல்லை" என்பார். என் கணவர், "எதைக் கண்டாலும் மிரளுகிறாள்" என்பார். எனக்கு, இவள் ரொம்பச் சிணுங்குகிறாள் என்று தோன்றும். உடை மாற்றும்போது என்னிடம் அழுகிறவள், அத்தையிடம் கையைக் காலை நீட்டிக்கொண்டு பேசாமல் படுத்திருப்பாள். யாரும் மிகைப்படுத்தவில்லை. மூன்று பேர் கையிலும் அவள் உண்மையாகவே மூன்று விதமாக நடந்துகொண்டாள்.

மூத்தவன் அப்படி இல்லை. எழுந்ததும் சத்தம், பசித்தால் கத்தல், தூக்கிப் போட்டுப் பிடித்தால் சிரிப்பு என்று எல்லாமே உரக்க இருக்கும். அவனோடு பழகிய கையோடுதான் நான் இவளையும் தூக்கினேன். அதனால் இவள் சுபாவம் என்ன, அது என் வேகத்தோடு எங்கே உரசுகிறது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டிய தேவை வந்தது. அப்படிப் பார்த்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன். கைக்குழந்தையை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கும், வேலைக்குத் திரும்புவதற்காகக் குழந்தையைப் புது ஆளிடம் விடப்போகிறவர்களுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

குழந்தைகளின் சுபாவத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் முதலில் வரும் பெயர்கள் அலெக்ஸாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ். இருவரும் மனநல மருத்துவர்கள், கணவன் மனைவி. 1956ல் நியூயார்க்கில் ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கி, 133 பேரைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார்கள். பெற்றோரிடம் அவர்கள் கேட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. "சமத்தா, அடமா?" என்பது போன்ற கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. முதல் தடவை குளிப்பாட்டியபோது குழந்தை என்ன செய்தது, புது உணவை வாயில் வைத்தபோது என்ன செய்தது, அப்புறம் மறுநாள் என்ன செய்தது என்று நடந்ததை நடந்தபடி கேட்டு வாங்கினார்கள்.

அதிலிருந்து ஒன்பது கூறுகளைப் பிரித்தார்கள். உடம்பு எவ்வளவு அசைகிறது. பசியும் தூக்கமும் நேரப்படி வருகின்றனவா. புதிதாக ஒன்று வந்தால் நெருங்குகிறதா, ஒதுங்குகிறதா. மாற்றத்துக்கு எத்தனை சீக்கிரம் பழகுகிறது. எவ்வளவு சின்னச் சத்தத்துக்கும் தொடுதலுக்கும் வெளிச்சத்துக்கும் அசைகிறது. அழுகையும் சிரிப்பும் எவ்வளவு தீவிரத்தோடு வருகின்றன. பொதுவாக மலர்ச்சியா, சிணுங்கலா. ஒன்றில் இருக்கும்போது கவனத்தைத் திருப்ப முடியுமா. எடுத்ததை விடாமல் செய்கிறதா. இவை சேர்ந்து வரும் விதத்தை வைத்து, சுமார் 40 சதவீதக் குழந்தைகளை எளிதானவர்கள் என்றும், 10 சதவீதத்தைக் கடினமானவர்கள் என்றும், 15 சதவீதத்தை மெல்லப் பழகுகிறவர்கள் என்றும் சொன்னார்கள். மிச்சம் 35 சதவீதம் எந்த வகையிலும் அடங்கவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வகைக்குள் வராது என்று வகுத்தவர்களே சொல்கிறார்கள். அதனால் "உங்கள் குழந்தை எந்த வகை?" என்ற கேள்வியில் நான் நேரம் செலவழிப்பதில்லை. எந்தக் கூறு, எந்த வேளையில், யார் கையில் உரசுகிறது என்று கேட்டால் செய்வதற்கு ஏதாவது கிடைக்கும்.

அவர்கள் பொருத்தம் என்று பேசியதும் இதைத்தான். குழந்தையின் சுபாவம் மட்டுமே தொல்லையை உண்டாக்குவதில்லை. அந்தச் சுபாவமும், சுற்றி இருப்பவர்கள் எதிர்பார்ப்பதும் சேருகிற இடத்தில்தான் தொல்லையோ நிம்மதியோ வருகிறது. இதற்கு அவர்கள் காட்டிய ஓர் உதாரணம் எனக்கு நன்றாகப் புரிந்தது. அதே நகரத்தில் இருந்த புவெர்ட்டோ ரிக்கோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்களையும் அவர்கள் பின்தொடர்ந்தார்கள். இந்த நேரத்துக்குத் தூங்கியே ஆக வேண்டும் என்று அந்த வீடுகளில் பெரிதாக வற்புறுத்தவில்லை. அதனால் நேரம் தப்பித் தூங்குகிற குழந்தை அங்கே யாருக்கும் ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கி, காலையில் குறித்த நேரத்தில் எழுப்ப வேண்டி வந்தபோதுதான் தூக்கத் தகராறு தலைகாட்டியது. நேரப்படி தூங்க வைப்பதில் கண்டிப்பாக இருந்த நடுத்தர வர்க்க வீடுகளிலோ அதே இயல்பு மிகச் சின்ன வயதிலேயே புகாராகிவிட்டது.

சரி, என் மகளுக்கு வருகிறேன்.

அவளைப் புரிந்துகொள்ள நான் செய்தது எளிமையான வேலை. ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டேன். அவள் அழுவதற்கோ விறைப்பதற்கோ சற்று முன்னால் என்ன நடந்தது; அப்போது யார் கையில் இருந்தாள்; எப்படி அடங்கினாள். ஒரு வாரம் போல, நினைவு வந்தபோதெல்லாம் ஒரு வரி. "எரிச்சல்", "பிடிவாதம்" போன்ற சொற்களை எழுதக்கூடாது என்று மட்டும் வைத்துக்கொண்டேன். "மின்விசிறியைப் போட்டதும் கண்ணை இறுக்கினாள்", "ஈரத் துணி பட்டதும் விரல்களை விரித்தாள்", "அப்பா குரல் கேட்டதும் முகத்தைத் தோளில் புதைத்தாள், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தாள்". இப்படிப் பார்த்ததை மட்டும்.

வாரக் கடைசியில் படித்தபோது இரண்டு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. ஒன்று, அவளைச் சலனப்படுத்த மிகச் சின்னத் தூண்டல் போதும். சட்டையின் கழுத்துப் பட்டை உரசினாலே போதும், பக்கத்தில் யாராவது பாத்திரத்தைச் சட்டென்று வைத்தாலே போதும். இரண்டாவது, புதிதாக எது வந்தாலும் முதலில் ஒதுங்குவாள். ஆனால் அந்த ஒதுங்கல் மென்மையானது. கத்துவதில்லை, முகத்தைத் திருப்புவாள், உடம்பை இறுக்குவாள். அதே விஷயம் அவசரமில்லாமல் திரும்பத் திரும்ப வந்தால் ஏற்றுக்கொள்வாள். பசியும் தூக்கமும் நேரத்துக்கு வந்தன. ஆகவே கடினமான குழந்தை என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. செஸ்ஸும் தாமஸும் மெல்லப் பழகுகிறவர்கள் என்று சொன்னதற்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போனாள்.

"யார் கையில்" என்ற பத்திதான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. நான் இயல்பிலேயே வேகமானவள். பேசிக்கொண்டே வேலை செய்வேன், ஒரு பொம்மைக்குச் சிரிக்கவில்லையென்றால் உடனே அடுத்ததை எடுப்பேன். அத்தைக்கு முழங்கால் வலி. எதையும் நிதானமாகத்தான் செய்வார். குழந்தையைத் தூக்குவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, "என்னம்மா, பாட்டிகிட்ட வரியா" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் குழந்தைக்கு வேண்டியிருந்தது. அவள் பதில் வருவதற்குப் பத்து விநாடி பிடிக்கும். அத்தையிடம் அந்தப் பத்து விநாடி தானாகக் கிடைத்தது. என்னிடம் அதற்குள் மூன்று விஷயம் நடந்து முடிந்திருக்கும்.

அதனால் அத்தை செய்வதை உற்றுப் பார்த்து, உடை மாற்றும் வேலையை அப்படியே மாற்றியமைத்தேன். ஒரு நாளில் பல தடவை வரும் வேலை அது. ஒன்றைச் சரிசெய்தால் பலன் சீக்கிரம் தெரியும் என்பதால் அங்கிருந்து தொடங்கினேன்.

முதலில், அவள் கண்ணுக்கு எட்டும் இடத்துக்கு வந்து நின்றுகொள்வேன், பின்னாலிருந்து தூக்குவதில்லை. "உடுப்பு மாத்தலாம்" என்று தினமும் ஒரே சொற்கள், ஒரே குரல். அப்புறம் மனசுக்குள் பத்து வரை எண்ணுவேன். அவள் என்னைப் பார்த்த பிறகு, போடப்போகும் சட்டையை அவள் கையில் கொடுப்பேன். கசக்குவாள், வாயில் வைப்பாள். படுக்கவைத்ததும் வயிற்றின் மேல் ஒரு சின்னத் துணியைப் போட்டுவிடுவேன். முழு உடம்பும் ஒரேயடியாகக் காற்றில் திறந்தால்தான் அவள் கைகள் பதறும்; வயிறு மூடியிருந்தால் பதறுவதில்லை. துடைக்கும் துணியை முதலில் என் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன். ஒரு கையைச் சட்டையில் நுழைத்ததும் கொஞ்சம் நிறுத்துவேன். மிக முக்கியமானது, தொடும்போது பேசுவதில்லை, பேசும்போது தொடுவதில்லை. குரல், கை, முகம், பொம்மை எல்லாம் ஒரே சமயத்தில் வந்தால் அவளுக்குத் தாங்காது. ஒவ்வொன்றாக வந்தால் எல்லாமே பிடிக்கிறது.

நடுவில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் காத்திருப்பேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கைக்குழந்தை பார்வையைத் திருப்புவதைப் பலர் "போரடிக்கிறது" என்றோ "பிடிக்கவில்லை" என்றோ எடுத்துக்கொண்டு, முன்னால் வந்து கைதட்டிக் கூப்பிடுவார்கள். முகத்துக்கு முகம் விளையாடும் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது, பார்வையைத் திருப்புவதற்குச் சற்று முன் துடிப்பு ஏறுவதும், திருப்பிய பின் இறங்குவதும் தெரிந்தது. குழந்தை தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ள வைத்திருக்கும் வழி அது. நாம் தொடர்ந்து கூப்பிட்டால் அந்த வழி அடைபடுகிறது. மிச்சம் இருப்பது அழுகைதான். விரல்களை விரிப்பது, தூக்கம் வராத வேளையில் கொட்டாவி, திடீர் விக்கல், முதுகை வளைப்பது ஆகியவையும் பெரும்பாலும் அழுகைக்கு முன்னால் வரும் சேதிகள்தான். சின்னத் தூண்டலுக்கே அசையும் குழந்தையிடம் இவை சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். கண் பழகினால்தான் பிடிபடும்.

சில வாரங்களில் வித்தியாசம் தெரிந்தது. முதலில் அழுகை தள்ளிப்போனது: முன்பு சட்டையைக் கழற்றும்போதே வந்த அழுகை, கடைசிப் பொத்தானில்தான் வந்தது. பிறகு சிணுங்கலாகச் சுருங்கியது. அப்புறம் ஒரு நாள் அவளே கையைச் சட்டைக் கைக்குள் தள்ளினாள். நான் ஒன்றும் பொறுமைசாலியாக மாறிவிடவில்லை. அந்த ஒரு வேலையில் மட்டும் என் வேகத்தை அவள் வேகத்துக்கு இறக்கினேன், அவ்வளவுதான். மற்ற நேரத்தில் இன்றும் வேகமாகத்தான் இருக்கிறேன். அது அவளுக்கும் பழகிவிட்டது. நாள் முழுக்க மாறி நடிக்கச் சொல்லும் ஆலோசனைகள் எனக்குச் சரிப்படவில்லை, யாருக்கும் சரிப்படாது என்றே நினைக்கிறேன். உரசும் ஒரு வேளையைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் மாற்றுவது நடக்கக்கூடிய காரியம்.

திட உணவு தொடங்கியபோதும் இதே கதைதான். முதல் கரண்டிக்கு முகம் சுளித்து நாக்கால் தள்ளினாள். மூத்தவன் ஒரு வாயில் பிடித்துக்கொண்டவன் என்பதால், இவளுக்குப் பிடிக்கவில்லை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் புது ருசிக்கு முகம் சுளிப்பது வேறு, வேண்டாம் என்பது வேறு. வாயை இறுக மூடி, தலையைத் திருப்பினால் அது வேண்டாம். அங்கே நிறுத்திவிட வேண்டும். சுளித்துவிட்டு மறுபடி வாயைத் திறந்தால் அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு புது உணவை ஏற்றுக்கொள்ளப் பல குழந்தைகளுக்கு எட்டு, பத்து தடவை, சில சமயம் அதற்கு மேலும் ருசி பார்க்க வேண்டியிருக்கும். புதியதைக் கண்டு ஒதுங்கும் குழந்தைக்கு இந்த எண்ணிக்கை மிக முக்கியம், ஏனென்றால் பெரியவர்கள் வழக்கமாக மூன்றாவது தடவையோடு கைவிட்டுவிடுகிறோம். கரண்டி நுனியில் மட்டும், அவளுக்கு ஏற்கெனவே பழகிய உணவோடு சேர்த்து, வேறு வேறு நாட்களில் கொடுத்தோம். வற்புறுத்தினால் எண்ணிக்கை திரும்பப் பூஜ்யத்துக்குப் போகிற மாதிரி இருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, நிதானமான ஆள் எல்லாக் குழந்தைக்கும் பொருந்துவார் என்று நினைத்துவிடக் கூடாது. என் மகளோடு அவ்வளவு நன்றாகப் பொருந்திய அத்தைக்கு மூத்தவனைச் சமாளிக்க முடியவில்லை. அவனுக்கு அசைவு அதிகம். அத்தை நிதானமாகத் துணியை மடித்துக்கொண்டிருப்பதற்குள் அவன் புரண்டு நகர்ந்துவிடுவான், அவருக்குப் பதற்றம் வந்துவிடும். "இவன் என்னைப் படுத்தி எடுக்கிறான்மா" என்பார். என் கையில் அவனுக்கு அரை நிமிடத்தில் உடை மாறிவிடும். பொருத்தம் என்பது ஆளின் குணமும் இல்லை, குழந்தையின் குணமும் இல்லை. இந்த ஆள், இந்தக் குழந்தை, இந்த வேலை மூன்றும் சேர்ந்தால் வருவது.

ஒரே சுபாவமாக இருந்தால் பொருந்தும் என்பதும் சரியில்லை. மூத்தவனும் என் கணவரும் விடாப்பிடியில் ஒருவரை ஒருவர் மிஞ்சுவார்கள். பத்து மாதத்தில் அவன் மேசை இழுப்பறையைத் திறப்பான், இவர் மூடுவார், அவன் திறப்பான். இருவருமே விடமாட்டார்கள், கடைசியில் அழுகையும் கோபமும்தான். இங்கே பொம்மையைக் காட்டித் திசைதிருப்பு என்பார்கள். கவனம் எளிதில் திரும்பும் குழந்தைக்கு அது வேலை செய்யும். விடாப்பிடியான குழந்தை பொம்மையை ஒரு கையில் வாங்கிக்கொண்டு மறுகையால் இழுப்பறையைத் திறக்கும். அப்படிப்பட்டவனிடம் பேச்சுவார்த்தையைக் குறைத்து, இடத்தை மாற்றுவதுதான் வழி. இழுப்பறைக்குப் பூட்டு போட்டு, பக்கத்திலேயே அவன் இஷ்டம்போல் திறந்து மூட ஒரு பெட்டியை வைத்தோம். சண்டை அன்றே நின்றது. குழந்தையின் கவனம் எவ்வளவு எளிதில் திரும்புகிறது என்று தெரிந்தால், எந்த உபாயம் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

பெரிய சோதனை நான் வேலைக்குத் திரும்பியபோது வந்தது. மகளுக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வர ஒப்புக்கொண்டார். அந்த வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்குப் புது முகத்தைக் கண்டு கலக்கம் வரும்; அது வளர்ச்சியின் ஒரு கட்டம். சுபாவத்தால் வரும் ஒதுங்கலை அதிலிருந்து பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. சுபாவம் என்றால் அந்த வயதுக்கு முன்பே தெரிந்திருக்கும், மனிதர்களிடம் மட்டுமல்லாமல் புதுப் பொருள், புது இடம், புது ருசி எல்லாவற்றிலும் தெரிந்திருக்கும். என் மகளுக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. ஆகவே ஒப்படைப்பதைப் படிப்படியாக வைத்துக்கொண்டோம்.

முதல் கட்டத்தில் அக்கா குழந்தையைத் தூக்கவே இல்லை. குழந்தை என் மடியில். அக்கா சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தார். நேராக அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம், "வா வா" என்று கை நீட்ட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவருக்கு முதலில் சங்கடமாக இருந்தது. "குழந்தையைக் கொஞ்சாம எப்படிம்மா உட்கார்றது" என்றார். அவர் பக்கத்தில் ஒரு பொம்மை மட்டும் கிடந்தது. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த நாட்களில் அந்தப் பொம்மை எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. அவள் தானாக அதை எடுக்க ஊர்ந்து போனபோது அக்கா மெதுவாக அவளோடு பேசத் தொடங்கினார்.

இரண்டாவது கட்டத்தில் நான் பக்கத்தில் இருக்க, அக்கா ஊட்டினார், உடை மாற்றினார். நான் சொல்லும் அதே சொற்கள், அதே வரிசை. மூன்றாவதில் நான் அடுத்த அறைக்கு, பிறகு வாசலுக்கு, பிறகு ஒரு மணி நேரம் வெளியே. ஒவ்வொரு தடவையும் "அம்மா போய்ட்டு வரேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். தெரியாமல் நழுவிப் போனால் அந்த வேளை அழுகையைத் தவிர்க்கலாம். ஆனால் அம்மா எப்போது காணாமல் போவாள் என்று தெரியாத குழந்தை, அம்மா இருக்கும்போதும் கால்களைக் கட்டிக்கொண்டே இருக்கும்.

சரியாகப் போகிறதா என்பதை நான் கிளம்பும்போது அழுகிறாளா என்று பார்த்து முடிவுசெய்யவில்லை. மெல்லப் பழகும் குழந்தை கிளம்பும் நேரத்தில் பல நாள் அழும். நான் போன பிறகு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறாள், அக்கா கையில் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, எதற்காவது பயந்தால் அக்காவிடம் போகிறாளா என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டோம். அடங்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தால் போதும். குறையாமல் நின்றாலோ, சாப்பாடும் தூக்கமும் கெட்டாலோ, ஒரு கட்டம் பின்னால் போக வேண்டும். ஒரு முறை அவளுக்குச் சளி பிடித்தபோது நாங்களும் பின்னால் போனோம். இரண்டாம் முறை ஏறுவது முதல் முறையைவிட வேகமாகவே நடந்தது.

பார்த்துக்கொள்கிறவரின் அணுகுமுறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. உளவியலாளர் மெகன் கன்னரும் குழுவினரும் 1992ல் வெளியிட்டது. ஒன்பது மாதக் குழந்தைகளைத் தாயிடமிருந்து அரை மணி நேரம் பிரித்துப் புது ஆளிடம் விட்டு, எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். புது ஆள் குழந்தை அழுதால் மட்டும் கவனித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தபோது, எளிதில் கலங்கும் சுபாவமுள்ள குழந்தைகளுக்கு அந்த ஹார்மோன் ஏறியது. அன்போடு, குழந்தையின் போக்கைக் கவனித்து நடந்துகொண்டபோது அந்த ஏற்றம் இல்லை. ஆள் தேடும்போது அனுபவ வருடங்களைக் கேட்பதோடு, அவர் குழந்தைக்காகக் காத்திருக்கிறாரா என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குழந்தை ஒதுங்குகிறது என்பதற்காகப் புதியதையே காட்டாமல் இருந்தால் அதுவும் பொருத்தம் ஆகாது. உளவியலாளர் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்கு முன்னால் புதுப் பொம்மைகளை ஆட்டியும் குரல்களை ஒலிக்கவிட்டும் பார்த்தார். ஐந்தில் ஒரு பங்கு குழந்தைகள் கைகால்களை உதறி அழுதார்கள். அவர்களில் பலர் இரண்டு வயதில் புதியதைக் கண்டு பயப்படுகிறவர்களாக இருந்தார்கள்; எல்லோரும் அப்படி ஆகவில்லை. எல்லாத் தொல்லையிலிருந்தும் காப்பாற்ற முனைந்த வீடுகளைவிட, வயதுக்கேற்ற எல்லைகளை வைத்து, சின்னச் சின்ன ஏமாற்றங்களைச் சந்திக்க விட்ட வீடுகளில் அந்தப் பயம் குறைந்திருந்தது.

என் கணவர் இதில் எனக்குப் பெரிய உதவி. அவர் விளையாட்டு முரட்டு விளையாட்டு. அதை நிறுத்தச் சொல்லவில்லை. வரிசையை மட்டும் மாற்றினோம். வீட்டுக்குள் வந்ததும் தூக்கிச் சுழற்றாமல், முதலில் பக்கத்தில் படுத்துக்கொள்வார். அவள் அவர் முகத்தைத் தொட்ட பிறகு மடியில் ஆட்டம், அதற்கப்புறம் உயரத் தூக்குவது. ஒவ்வொரு படியிலும் அவள் மறுபடி வேண்டும் என்று உடம்பை எக்கினால்தான் அடுத்தது. ஒரு வயதுக்குள் அவள் அவரிடம் சத்தமாகச் சிரிக்கத் தொடங்கினாள். என்னிடமும் அத்தையிடமும் கேட்காத சிரிப்பு அது. கூட்டமான இடங்களுக்குப் போகும்போது ஆட்கள் வருவதற்கு முன்பே போய்விடுவோம். காலி அறையைப் பார்த்துப் பழகிய பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக வந்தால் அவளால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. நிறைந்த அறைக்குள் நுழைந்தால் முடிவதில்லை.

எல்லா அழுகையையும் சுபாவத்தின் கணக்கில் எழுதக் கூடாது. பிறந்த முதல் வாரங்களில் அழுகை கூடிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்கு வந்து, மூன்று நான்கு மாதத்தில் குறைவது பொதுவானது. அந்தக் காலத்தை வைத்துக் குழந்தையின் குணத்தை முடிவுகட்ட வேண்டாம். எடை ஏறாமை, தொடர்ந்து வாந்தி, காய்ச்சல், பால் குடிக்கும்போதெல்லாம் முதுகை வளைத்து அழுவது, சத்தத்துக்குத் திரும்பாமை, முகம் பார்த்துச் சிரிக்காமை, உடம்பு மிகவும் துவண்டோ விறைத்தோ இருப்பது, நேற்றுவரை ஒரு மாதிரி இருந்த குழந்தை திடீரென்று மாறுவது ஆகியவற்றுக்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். பார்க்கிறவரின் மனச்சோர்வும் குழந்தையைக் கடினமாகக் காட்டும். பிரசவத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் எதிலும் மனசு ஒட்டவில்லையென்றால் அம்மாவுக்கும் உதவி தேவை. தாங்க முடியாத நிமிடம் வந்தால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, சில நிமிடம் வெளியே நின்று மூச்சு வாங்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது.

மகள் இப்போது நடக்கிறாள். உடை மாற்றுவது சுலபமாகிவிட்டது, புது உரசல் வேறிடத்தில் வந்திருக்கிறது. தன் கையாலேயே செருப்பை மாட்ட வேண்டும் என்கிறாள், அவசரம் என்றால் அவளுக்குப் புரியவே புரியாது. காலையில் எங்கள் நால்வருக்கும் அவசரம். இந்த வேளையில் அவளோடு பொருந்துவது அத்தையும் இல்லை நானும் இல்லை. குனிந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடும் அண்ணன்தான். அதனால் செருப்பு வேலையை அவனிடம் கொடுத்து, எல்லோருக்கும் பத்து நிமிடம் முன்னதாக அவர்கள் இருவரையும் வாசலுக்கு அனுப்பிவிடுகிறோம்.